சான்றில்லாத நம்பிக்கை: பிளான்டிங்காவை எங்கே வைப்பது?

கேள்வி: முதுநிலை ஆய்வு வகுப்பில் சான்றில்லாத நம்பிக்கை பற்றி நான் பேச வேண்டும். கிளிஃபோர்டு, கீர்க்கெகார்ட், பிளான்டிங்கா மூவரையும் வாசித்துவிட்டேன். கடவுள் நம்பிக்கைக்கு வாதம் தேவையில்லை என்று பிளான்டிங்கா சொல்வதும் 'கேள்வி கேட்காதே, நம்பு' என்பதன் படித்த வடிவமாகத்தான் எனக்குத் தெரிகிறது. அவரை விசுவாசவாதியிடமிருந்து எப்படிப் பிரித்துக் காட்டுவது? போதிய சான்றில்லாமல் நம்பக்கூடாது என்னும் சான்றுவாதிக்கு அவர் தரும் பதில் நிற்குமா?

பதில்:

பிரித்துக் காட்டலாம். அவர் பதில் ஒரு வகைச் சான்றுவாதத்தின் முன் நிற்கும், இன்னொரு வகையின் முன் நிற்காது என்பது என் முடிவு. அந்த இரண்டு வகைகள் எவை என்று தெரிய வேண்டுமானால் கிளிஃபோர்டின் கப்பலிலிருந்தே தொடங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அதை ஓர் எடுத்துக்காட்டு என்று வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். குழப்பம் அங்கேயே பிறந்துவிடுகிறது.

கிளிஃபோர்டு லண்டனில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1870 டிசம்பரில் சூரிய கிரகணம் பார்க்கப் போன குழுவோடு பயணம் செய்தபோது சிசிலிக் கரையருகே கப்பல் உடைந்து உயிர் தப்பியவர். அவர் 1877இல் வெளியிட்ட 'நம்பிக்கையின் அறம்' என்ற கட்டுரை ஒரு கப்பல் முதலாளியோடு தொடங்குகிறது. குடிபெயர்பவர்களை ஏற்றிக்கொண்டு அந்தக் கப்பல் புறப்பட வேண்டும். அது பழையது, பலமுறை பழுது பார்க்கப்பட்டது. கடலுக்குத் தாங்குமா என்று பலர் முதலாளியிடம் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். ஆய்வு செய்தால் செலவாகும். எத்தனையோ புயலைத் தாண்டி வந்த கப்பல், இதையும் தாண்டும், கடவுள் கைவிடமாட்டார் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். மெல்ல மெல்ல உண்மையாகவே நம்பியும் விடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார். கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான் என்பது கிளிஃபோர்டின் தீர்ப்பு. நம்பிக்கை உண்மையானதா பொய்யானதா என்பது இங்கே கணக்கில்லை, அதை நம்பும் உரிமை அவருக்கு இருந்ததா என்பதே கணக்கு.

இதிலிருந்து அவர் எடுக்கும் விதி பெயர் பெற்றது: போதிய சான்றில்லாமல் எதையும் நம்புவது எவருக்கும், எங்கும், எப்போதும் தவறு. எடுத்துக்காட்டையும் விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கப்பல் முதலாளியிடம் சான்று இல்லாமல் போகவில்லை. எதிர்ச்சான்று கண் முன்னே இருந்தது, அதை அவர் அமுக்கினார். விசாரிக்க வழி இருந்தும் விசாரிக்கவில்லை. அவர் தவறினால் மற்றவர்கள் சாகக்கூடும் என்ற நிலையில் அப்படிச் செய்தார். இந்த மூன்றும் சேர்ந்துதான் அவரைக் குற்றவாளியாக்குகின்றன. விதியோ இவற்றில் எதையும் கேட்பதில்லை. எதிர்ச்சான்று இல்லாத இடத்திலும், விசாரிக்க வழியே இல்லாத இடத்திலும், யாருக்கும் கேடில்லாத இடத்திலும் சான்று கேட்கிறது. காலையில் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு என்ன சான்று காட்டுவேன்? நினைவையே சான்றாகக் காட்டினால், நினைவு நம்பத்தக்கது என்பதற்கு எதைக் காட்டுவேன்? பிளான்டிங்கா நுழைவது இந்த இடைவெளி வழியாகத்தான். கீர்க்கெகார்ட் நுழைவது முற்றிலும் வேறொரு வாசல் வழியாக. அதைப் பார்த்துவிட்டால் உங்கள் முதல் கேள்விக்கு விடை பாதி கிடைத்துவிடும்.

அதற்கு முன் சொல்லைப் பற்றி ஒன்று. 'நம்பிக்கை' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. 'மழை வரும் என்று நம்புகிறேன்' என்பது ஒரு கூற்றை உண்மை என்று கொள்வது. 'உன்னை நம்பித்தான் வந்தேன்' என்பது ஒருவரிடம் தன்னை ஒப்படைப்பது. தமிழ்க் கிறித்தவர்கள் இரண்டாவதற்கு விசுவாசம் என்ற தனிச்சொல்லை வைத்திருக்கிறார்கள். உங்கள் கட்டுரையில் முதலாவதற்கு நம்பிக்கை, இரண்டாவதற்கு விசுவாசம் என்று கடைசிவரை பிரித்தே எழுதுங்கள். விசுவாசவாதி பேசுவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி, பிளான்டிங்காவும் கிளிஃபோர்டும் பேசுவது முதலாவதைப் பற்றி. இந்த இரண்டும் கலந்துவிட்ட வாதங்களில் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்றே தெரியாது.

கீர்க்கெகார்ட் 1846இல் யோஹான்னஸ் கிளிமாக்கஸ் என்ற புனைபெயரில் எழுதிய நூலில், சான்று கிடைக்காததால் விசுவாசத்தைப் பிடித்துக்கொள் என்று சொல்லவில்லை. சான்று கிடைத்தாலும் பயனில்லை என்கிறார். வரலாற்று ஆய்வு எவ்வளவு முன்னேறினாலும் அது தோராயமாகவே இருக்கும், எப்போதும் ஒரு சிறு ஐயம் மிஞ்சும். ஒருவனுடைய முடிவில்லா நல்வாழ்வே இதில் தொங்குகிறது. முடிவில்லாத ஒன்றின் முன் மிகச் சிறிய ஐயமும் சிறியதாக இருக்காது. ஆகவே சான்றின் மீது அதைக் கட்ட முடியாது. இன்னும் ஒரு படி மேலே போய், புறநிலையில் உறுதியில்லாததை உள்ளத்தின் முழு வேட்கையோடு பற்றிக்கொள்வதுதான் விசுவாசம் என்கிறார். உறுதி வந்துவிட்டால் பற்றிக்கொள்வதற்கு இடமே இல்லாமல் போய்விடும்.

இதற்கு ராபர்ட் ஆடம்ஸ் 1970களில் கூர்மையான மறுப்பு எழுதினார். அதை நான் என் வழியில் சொல்கிறேன். குழந்தைக்கு இரவில் மூச்சுத் திணறுகிறது. இரண்டு ஊர்களில் ஆஸ்பத்திரி உண்டு. ஒன்றில் இந்நேரம் டாக்டர் இருப்பார் என்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு, மற்றதில் பத்து. குழந்தையின் உயிர் அளவிட முடியாதது, அதனால் அந்தப் பத்து விழுக்காட்டு ஐயத்தைச் சிறிதென்று தள்ள முடியாது, எனவே வாய்ப்பைப் பார்ப்பதே வீண் என்று அந்தத் தாய் நினைப்பாளா? உயிர் அளவிட முடியாதது என்பதாலேயே அவள் வாய்ப்பு கூடிய ஊருக்கு ஓடுவாள். வண்டியில் ஏறிய பிறகு மிச்ச ஐயத்தை மனத்திலிருந்து விலக்கிவிட்டு முழுமூச்சாகப் போவாள். அப்படி விலக்குவதும் நியாயமே, ஆனால் அந்த நியாயம் தொண்ணூறிலிருந்து வந்தது. எவ்வளவுக்கு எவ்வளவு ஒன்று நமக்கு முக்கியமோ அவ்வளவுக்கு அவ்வளவு சான்றின் மேல் அக்கறை கூடத்தான் செய்யும். தோராயம் என்ற வாதம் இதற்குமேல் நகராது என்றே நினைக்கிறேன். வேட்கை பற்றிய வாதம் தப்பிக்கிறது, ஏனென்றால் அது விசுவாசம் என்பது எப்படிப்பட்ட உறவு என்பதைப் பற்றியது. ஆனால் அதை ஏற்க, ஐயம் மிகுந்த இடத்தில்தான் விசுவாசம் தூயது என்று முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். பல மதத்தவர், கிறித்தவர்களில் பலரும்கூட, அப்படி ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மனித அறிவின் இயல்பான ஒளியாலேயே கடவுளை உறுதியாக அறிய முடியும் என்று 1870இல் முதல் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்கர்களுக்கு அறுதியிட்டுச் சொன்னது இந்தப் போக்குக்கும் எதிராகத்தான்.

வில்லியம் ஜேம்ஸை உங்கள் பட்டியலில் காணவில்லை. ஒரு பத்தி போதும், ஆனால் விட்டுவிடாதீர்கள். 1896இல் அவர் கிளிஃபோர்டுக்குச் சொன்ன பதில் மிதமானது. சான்று தீர்த்துவைக்க முடியாத கேள்வியாக இருக்க வேண்டும், இரு பக்கமும் நமக்கு உயிருள்ள வழிகளாக இருக்க வேண்டும், முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவதே ஒரு பக்க முடிவாகிவிடும் நிலை வேண்டும், விளைவு பெரிதாக இருக்க வேண்டும். அப்போது மட்டும் உள்ளத்தின் சாய்வு முடிவெடுக்கலாம். கப்பல் முதலாளி இந்தச் சலுகையைப் பெற முடியாது, அவருடைய கேள்வியைச் சான்று தீர்த்திருக்கும். ஜேம்ஸ் சான்றுக்குத் தரும் முதல் இடத்தைப் பறிக்கவில்லை. அது கைவிரித்த இடத்தில் மட்டுமே பேசுகிறார்.

இனி பிளான்டிங்கா. அவருடைய கொள்கைக்கு 'சீர்திருத்த அறிவாய்வியல்' என்று பெயர். இந்தப் பெயரால் பலர் ஏமாந்துபோகிறார்கள். எது அறிவு என்று ஆராயும் துறையான அறிவாய்வியலை அவர் சீர்திருத்தினார் என்று பொருளில்லை. கால்வின் வழிவந்த திருச்சபைகளுக்குச் சீர்திருத்தச் சபைகள் என்று பெயர், அந்த மரபிலிருந்து வந்த அறிவாய்வியல் என்பதே பொருள். எல்லா மனிதருக்குள்ளும் தெய்வ உணர்வு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது என்ற கால்வினின் கருத்தே இதன் விதை.

1981இலும் 1983இலும் வெளியான கட்டுரைகளில் அவர் கேட்பது இது. கடவுள் நம்பிக்கைக்கு மற்ற நம்பிக்கைகளிலிருந்து சான்று காட்ட வேண்டும் என்கிறீர்கள், ஏன்? எல்லாவற்றுக்கும் அப்படிக் காட்ட வேண்டுமென்றால் முடிவே இராது. எங்கோ சில நம்பிக்கைகள் வேறொன்றின் மேல் நிற்காமல் அடித்தளமாக நிற்க வேண்டும். எவை அப்படி நிற்கலாம்? மரபான அடித்தளவாதி சொல்வது: தன்னிலே விளங்குபவை, புலனுக்குத் தெளிவானவை, தவறவே முடியாதபடி என் மனநிலையைப் பற்றியவை. இவை மட்டுமே. கடவுள் நம்பிக்கை இந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே அதற்குச் சான்று வேண்டும். பிளான்டிங்கா இந்தப் பட்டியலையே திருப்பிப் பிடிக்கிறார். 'இவை மட்டுமே அடித்தளமாகலாம்' என்ற விதி தன்னிலே விளங்குகிறதா? இல்லை. புலனுக்குத் தெரிகிறதா? இல்லை. என் மனநிலை பற்றியதா? அதுவும் இல்லை. அப்படிப்பட்டவற்றிலிருந்து யாராவது அதை நிறுவிக் காட்டினார்களா? காட்டவில்லை. தன் விதிப்படியே தன் விதியை நம்ப உரிமையில்லாதவனாக அடித்தளவாதி நிற்கிறான். போதாததற்கு, நினைவு, பிறர் மனம், நேற்று என்று ஒரு நாள் இருந்தது போன்றவையும் அந்தப் பட்டியலுக்குள் வராமல் வெளியே தள்ளப்படுகின்றன.

விசுவாசவாதியிடமிருந்து அவரைப் பிரிக்கும் கோடு இங்கே தெளிவாகத் தெரியும். அறிவை ஒதுக்கிவிட்டு விசுவாசத்தை மட்டும் சார்ந்து நிற்பவனே விசுவாசவாதி. பிளான்டிங்கா 1983 கட்டுரையின் இறுதியில் இந்தக் கேள்வியைத் தானே எடுத்துக்கொள்கிறார். இரண்டும் ஒன்றும் மூன்று என்பதும், எதிரே மரம் நிற்கிறது என்பதும், காலையில் சாப்பிட்டேன் என்பதும் அறிவின் விளைச்சல்கள் என்று எல்லோரும் ஏற்கிறோம், இவற்றையும் வாதமில்லாமல்தான் நம்புகிறோம். வாதமில்லாமல் நம்புவது அறிவுக்கு வெளியே போவதல்ல. கடவுள் நம்பிக்கையும் அதே வரிசையில் வந்தால் அதுவும் அறிவின் விளைச்சல்தான், அறிவை எதிர்த்த பாய்ச்சல் அல்ல. கீர்க்கெகார்டுக்கு ஐயம் விசுவாசத்தின் உயிர். பிளான்டிங்காவுக்கு அது தேவையே இல்லை. அவர் சொல்லும் விசுவாசி இரவில் விண்மீன்களைப் பார்க்கிறான், 'இதையெல்லாம் கடவுள் படைத்தார்' என்று உள்ளத்தில் எழுகிறது. தவறு செய்துவிட்டுக் குறுகி நிற்கிறான், 'கடவுளுக்கு இது பிடிக்கவில்லை' என்று எழுகிறது. இவை முடிவுரைகள் அல்ல. மரத்தைப் பார்த்ததும் மரம் இருக்கிறது என்று எழுவது போல எழுபவை. ஆகவே நம்பிக்கைக்கு நிலம் உண்டு, வாதம்தான் இல்லை. எதிர்வாதம் வந்தால் அந்த நம்பிக்கை முறியவும் கூடும் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். முறிக்க வருவதை முறிப்பான் என்போம். முறிப்பானுக்குப் பதில் சொல்லும் கடமை விசுவாசிக்கு உண்டு. 'கேள்வி கேட்காதே' என்பவரிடம் இந்தக் கடமை இருக்காது. உங்கள் முதல் கேள்விக்கு என் விடை இதுதான்.

இந்த இடத்தில் வகுப்பில் யாராவது பூசணிக்காயைக் கொண்டுவருவார்கள். 'பீனட்ஸ்' சித்திரக்கதையில் லைனஸ் என்ற சிறுவன் ஹாலோவீன் இரவில் மாபெரும் பூசணி எழுந்து வரும் என்று நம்புவான். கடவுள் நம்பிக்கை அடித்தளமாகலாம் என்றால் பூசணி நம்பிக்கை ஏன் ஆகக்கூடாது? பிளான்டிங்கா இந்தத் தடையைத் தானே எழுப்பித் தானே பதில் சொன்னார். ஒரு தவறான விதியை மறுத்தால் எல்லாமே சரி என்றாகிவிடாது. சரியான விதியை மேலிருந்து அறிவிக்க முடியாது, தெளிவான எடுத்துக்காட்டுகளிலிருந்து கீழிருந்து திரட்ட வேண்டும். கிறித்தவச் சமூகம் தன் எடுத்துக்காட்டுகளிலிருந்து திரட்டும், கடவுளை நம்பாத மெய்யியலாளர் ரஸல் ஒப்புக்கொள்கிறாரா என்பதைப் பொறுத்து அல்ல. நாத்திக மெய்யியலாளர் மைக்கேல் மார்ட்டின் விட்டுவிடவில்லை. அப்படியானால் எந்தச் சமூகமும் தன் எடுத்துக்காட்டுகளை வைத்துத் தன் நம்பிக்கையை அடித்தளம் என்று அறிவித்துக்கொள்ளலாமே என்றார். எனக்கு இது சரியான தடையாகவே படுகிறது. பிளான்டிங்காவின் அடுத்த இருபது ஆண்டு வேலையில் பெரும்பங்கு இதற்கான பதில் என்றே வாசிக்கலாம்.

இதே சிக்கல் நம் நாட்டில் ஏழாம் நூற்றாண்டிலேயே வந்திருக்கிறது. வேதத்தின் அதிகாரத்தைக் காக்க வாதிட்ட மீமாம்ச மரபின் குமாரிலர், ஓர் அறிவு எழுந்ததும் அதற்குச் சரியான அறிவு என்னும் அளவைத் தகுதி தானாகவே உண்டு, அதை முறிக்கும் இன்னோர் அறிவோ மூலத்தில் குறையோ தெரியும் வரை அது நிற்கும் என்றார். இன்னொன்றைக் காட்டி அதை உறுதி செய்ய வேண்டுமென்றால் அந்த இன்னொன்றையும் உறுதி செய்ய வேண்டிவரும், முடிவே இராது. பிளான்டிங்காவின் தொடக்க வாதம் அப்படியே இதில் இருக்கிறது. ஆனால் குமாரிலர் இதை வைத்து வேதத்தைக் காத்தபோது, புத்தர் வாக்குக்கும் இதே சலுகை உண்டே என்ற பூசணிக்காய் உடனே வந்துவிடும். அவர் கைவசம் பதில் இருந்தது: மனிதர் சொன்ன வாக்கில் பொய், மறதி, அறியாமை என்ற குறைகள் நுழைய வழி உண்டு, வேதத்துக்கு ஆசிரியரே இல்லாததால் அந்த வழி இல்லை. அவர் பதிலை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் தன் மூலம் மற்ற மூலங்களிலிருந்து எதனால் வேறுபடுகிறது என்று சொல்லும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளான்டிங்காவிடமும் அதையே கேட்கப் போகிறோம்.

1993இலும் 2000இலும் வந்த நூல்களில் பிளான்டிங்கா அடித்தளம் என்ற பேச்சை அறிவுத் தகுதி என்ற பேச்சாக மாற்றினார். உண்மையான ஒரு நம்பிக்கையை அறிவாக உயர்த்துவது எதுவோ அதுவே அறிவுத் தகுதி. அவர் கணக்கில் அதற்கு நான்கு வேண்டும்: நம்பிக்கையை உண்டாக்கும் மனத்திறன் பழுதில்லாமல் இயங்க வேண்டும், அது எந்தச் சூழலுக்கென அமைந்ததோ அந்தச் சூழலில் இயங்க வேண்டும், அந்த அமைப்பின் நோக்கம் உண்மையைப் பிடிப்பதாக இருக்க வேண்டும், அந்த நோக்கம் பெரும்பாலும் நிறைவேறும்படி அமைப்பு நன்றாக இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் ஃப்ராய்டு தாக்குகிறார். கடவுள் நம்பிக்கை நம் அச்சத்தை ஆற்றுவதற்காக எழுகிறது, உண்மையைப் பிடிப்பதற்காக அல்ல என்பதே 1927இல் அவர் சொன்னதன் சாரம்.

பிளான்டிங்காவின் பதில் இப்படி. கடவுள் இருக்கிறார் என்றால், தன்னை மனிதர் அறிய வேண்டும் என்று அவர் விரும்பியிருப்பார், அதற்கான திறனை வைத்திருப்பார், அந்தத் திறனிலிருந்து எழும் நம்பிக்கைக்கு நான்கு தகுதியும் அநேகமாக இருக்கும். கடவுள் இல்லை என்றால் அநேகமாக இருக்காது. ஆக, 'கடவுள் உண்டோ இல்லையோ எனக்குத் தெரியாது, ஆனால் நம்புவது மட்டும் அறிவுக்கு ஒவ்வாது' என்று நடுவில் நின்று சொல்ல முடியாது. ஒவ்வாது என்று சொல்ல வேண்டுமென்றால் கடவுள் இல்லை என்பதையே காட்டியாக வேண்டும். ஃப்ராய்டு அதைக் காட்டவில்லை, எடுத்துக்கொண்டார். இந்த வாதத்தை நான் முதன்முதலில் வாசித்தபோது ஏமாற்று வேலை என்றே நினைத்தேன். பிறகுதான் அது சொல்வது எவ்வளவு குறைவு என்பது புரிந்தது. அது கிறித்தவம் உண்மை என்று சொல்லவே இல்லை. 2000ஆம் ஆண்டு நூலின் இறுதியில், இதெல்லாம் உண்மையா என்பதுதான் முக்கியமான கேள்வி, அதில் மெய்யியலின் எல்லையைத் தாண்டிவிடுகிறோம் என்று அவரே எழுதிவிடுகிறார். பூசணிக்காரனும் இதே நிபந்தனை வாதத்தைச் சொல்லலாம். பூசணி இருந்தால் அவன் நம்பிக்கைக்கும் தகுதி இருக்கும். ஆனால் பூசணி இல்லை என்று நமக்கு வேறு வழியில் தெரியும்.

இனி இந்தக் கொள்கை எடை தாங்குகிறதா என்று பார்க்க ஒரே ஒரு சோதனையை முழுமையாகச் செய்யலாம். எதிர்வாதங்களை அறிந்த ஒருவர் அவற்றை மறுக்காமல் கடவுளை அடித்தளமாக நம்பலாமா என்று ஃபிலிப் குவின் எழுப்பிய தடைக்குப் பதிலாக 1986இல் பிளான்டிங்கா ஒரு கதை சொன்னார். ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும் ஒரு பேராசிரியர், தன்னைப் புகழ்ந்து பரிந்துரை எழுதச் சொல்லி ஒரு சக ஆசிரியருக்கு லஞ்சம் தருவதாகக் கடிதம் எழுதுகிறார். அவர் கொதித்துப்போய்க் கடிதத்தைத் துறைத் தலைவரிடம் அனுப்பிவிடுகிறார். தலைவரின் அறையிலிருந்து கடிதம் காணாமல் போகிறது. எடுக்கக் காரணம் இவருக்குத்தான் இருந்தது, வாய்ப்பும் இருந்தது, முன்னரே இப்படிப்பட்ட காரியங்களைச் செய்தவர் என்ற பெயரும் உண்டு. நம்பகமான ஒருவர் அந்த நேரத்தில் இவர் பதுங்கிப் பதுங்கி அந்த அறைக்குள் போனதைப் பார்த்ததாகச் சொல்கிறார். எல்லாரும் இவர்தான் எடுத்தார் என்கிறார்கள், அவர்கள் கையிலிருக்கும் சான்றைப் பார்த்தால் அது நியாயம். ஆனால் இவர் எடுக்கவில்லை. அந்தப் பிற்பகல் முழுவதும் காட்டில் தனியாக நடந்துகொண்டிருந்தார், அது தெளிவாக நினைவிருக்கிறது. அவருக்கு ஒரு சாட்சியும் இல்லை. அவர் தன் நினைவை விட்டுவிட்டு ஊரோடு சேர்ந்து 'நான்தான் எடுத்தேன்' என்று நம்ப வேண்டுமா?

வேண்டாம் என்றுதான் யாரும் சொல்வோம். இதிலிருந்து பிளான்டிங்கா எடுக்கும் முடிவு: அடித்தள நம்பிக்கை ஒன்று, தனக்கு எதிரான வாதத்தைத் தனியாக மறுக்காமலே, தன் சொந்த வலுவாலேயே முறியடிக்கலாம். மோசேக்கு எரியும் புதரிலிருந்து கடவுள் பேசியிருந்தால், உலகில் தீமை இருப்பதால் கடவுள் இல்லை என்ற வாதத்தை மறுத்தபின் நம்பலாம் என்று அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

கதை வேலை செய்வது உண்மை. எதனால் வேலை செய்கிறது என்று பார்க்க, அதில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். முதலில், பேராசிரியருக்கு ஒரு நோய் இருக்கிறது, நடக்காத நடையெல்லாம் நடந்ததாக அந்த நோயாளிகளுக்குத் தெளிவாக நினைவிருக்கும் என்று மருத்துவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நினைவின் தெளிவு அப்படியே இருக்கிறது, ஆனால் அதன் வலு போய்விட்டது. ஆகவே வலு தெளிவிலிருந்து வரவில்லை. நினைவு பொதுவாக நம்பத்தக்கது, இவருடைய நினைவு பழுதில்லாதது என்ற பின்னணியிலிருந்து வந்தது. இந்தப் பின்னணியை இவர் மட்டுமல்ல, இவரைக் குற்றம் சாட்டுபவர்களும் ஏற்கிறார்கள். அவர்களுக்கு அந்த நினைவுக்குள் எட்டிப்பார்க்க வழி இல்லை, அவ்வளவுதான். எட்டிப்பார்க்க முடிந்திருந்தால் அவர்களும் மனம் மாறியிருப்பார்கள்.

இரண்டாவது மாற்றம். துறையில் பத்துப் பேர். அந்தப் பிற்பகல் அந்தக் காட்டில் தான் மட்டுமே நடந்ததாகவும் வேறு யாரும் அங்கு வரவில்லை என்றும் பத்துப் பேருக்கும் தனித்தனியே தெளிவாக நினைவிருக்கிறது. ஒருவர் சொல்வது சரியென்றால் ஒன்பது பேருடையது தவறு. இப்போது நம் பேராசிரியர் என்ன செய்ய வேண்டும்? 'எனக்குத்தான் நன்றாக நினைவிருக்கிறதே' என்பதை மற்ற ஒன்பது பேரும் சொல்கிறார்கள். உலகில் மதங்களின் நிலை இந்த இரண்டாவது கதையைப் போன்றது என்பதே என் கருத்து, முதல் கதையைப் போன்றதல்ல. ஒருவருக்கு உள்ளத்தில் எழுவது ஆள்தன்மை கொண்ட ஒரு கடவுள், இன்னொருவருக்கு இரண்டற்ற பிரம்மம், மூன்றாமவருக்குக் கடவுளே இல்லாத விடுதலை. மூன்றும் அவரவர்க்கு மரத்தைப் பார்ப்பதுபோல் தெளிவு.

பிளான்டிங்காவுக்கு இது தெரியும். பன்மை பற்றி 1990களில் எழுதியபோது, உள்ளே உணரும் விதம் ஒன்றாக இருப்பதால் அறிவு நிலையும் ஒன்றாகிவிடாது என்றார். அதுவும் சரியே. இனவெறி தவறு என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. சரி என்று இன்னொருவனுக்கு அதே அளவு தெளிவாகத் தெரிவதால் நான் தளரத் தேவையில்லை. அவன் வளர்ப்பில் ஏதோ கோணிவிட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் அவன் எங்கே கோணினான் என்று என்னால் ஓரளவு சொல்ல முடிகிறது, அவன் மறைத்த வலியை, அவன் எண்ணாத மனிதரைக் காட்ட முடிகிறது. மதத்தில் கிறித்தவர் அத்வைதியைப் பார்த்து 'உங்கள் தெய்வ உணர்வு பாவத்தால் பழுதடைந்திருக்கிறது' என்றும், அத்வைதி கிறித்தவரைப் பார்த்து 'உங்கள் அறிவை அவித்தை மூடியிருக்கிறது' என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு பழுதும் அதைச் சொல்பவரின் கொள்கைக்குள் மட்டுமே பழுது. குமாரிலர் எடுத்துக்கொண்ட பொறுப்பு இங்கே நிறைவேறாமல் நிற்கிறது.

இதனால் கிளிஃபோர்டு வென்றுவிட்டாரா? இல்லை. தனி மனிதர் ஒவ்வொருவரும் தன் நம்பிக்கைக்குத் தன் கையில் சான்று வைத்திருக்க வேண்டும் என்ற சான்றுவாதம் பிளான்டிங்காவின் முன் விழுந்துவிட்டது, அது எழாது. சமையலறையில் முழந்தாளிட்டுச் செபிக்கும் பாட்டி கடவுள் உண்டு என்பதற்கான ஐந்து நிரூபணங்களை மறுப்போடு கற்ற பிறகுதான் நம்பலாம் என்று சொல்பவரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. கோனியும் ஃபெல்ட்மனும் 1985இல் புதுப்பித்த சான்றுவாதமோ அனுபவத்தையும் சான்று என்று கொள்கிறது. விண்மீனைப் பார்த்து எழும் உணர்வும் அவர்கள் கணக்கில் சான்றுப் பட்டியலுக்குள் வந்துவிடலாம், பிறகு சண்டை அது எவ்வளவு வலுவான சான்று என்பதைப் பற்றியதாக மட்டுமே இருக்கும்.

எழுந்து நிற்பது ஸ்டீஃபன் வைக்ஸ்ட்ரா 1989இல் சொன்ன சான்றுவாதம். எலெக்ட்ரான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஆசிரியர் சொன்னார், பாடப்புத்தகத்தில் இருந்தது, அவ்வளவுதான் என்னிடம் இருப்பது. எந்தச் சோதனையிலிருந்து அது பெறப்பட்டது என்று கேட்டால் திணறுவேன். என் நம்பிக்கையில் குறையில்லை. ஆனால் ஒருநாள், எலெக்ட்ரானுக்கு யாரிடமுமே சான்று இல்லை, எல்லா இயற்பியலாளரும் ஒருவர் மற்றவரை நம்பியே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று தெரியவந்தால்? நம்பிக்கை அந்த நொடியே ஆட்டம் கண்டுவிடும். அதாவது எலெக்ட்ரானுக்குச் சான்று தேவை, அது என்னிடம் இருக்கத் தேவையில்லை, நான் சேர்ந்திருக்கும் சமூகத்தில் எங்காவது இருக்க வேண்டும். மரத்துக்கும் நினைவுக்கும் அப்படி இல்லை. மரம் இருப்பதற்கு யாரிடமும் வாதம் இல்லை என்று தெரிந்தால் நாம் அலட்டிக்கொள்ள மாட்டோம்.

கடவுள் நம்பிக்கை மரத்தைப் போன்றதா, எலெக்ட்ரானைப் போன்றதா? உங்கள் ஆய்வு வகுப்பை இந்தக் கேள்வியில் நிறுத்துங்கள். இதற்கு ஒரே விடை இருக்காது, நம்பிக்கையின் உள்ளடக்கத்தைப் பொறுத்து மாறும். 'யாரோ என்னைத் தாங்குகிறார்' என்பது மரத்தின் பக்கம் வரலாம், அதை அப்படியே விட்டுவிட நான் தயார். ஆனால் பிளான்டிங்கா 2000இல் அங்கே நிற்கவில்லை. இயேசுவின் உயிர்த்தெழுதல் உட்பட நற்செய்தியின் முக்கியக் கூற்றுகளும் தூய ஆவியின் உள்தூண்டலால் அடித்தளமாகவே நம்பப்படுகின்றன, வரலாற்றுச் சான்று அதற்குத் தேவையில்லை என்று நீட்டினார். ரோமர் ஆண்ட யூதேயாவில், பிலாத்து ஆளுநராக இருந்த காலத்தில், ஒரு கல்லறையில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்வு எலெக்ட்ரானின் பக்கம்தான் சேரும் என்று நினைக்கிறேன். எளிய விசுவாசிக்கு வரலாற்று வாதம் தெரியாமலிருக்கலாம். ஆனால் முதல் சாட்சிகள் என்று யாருமே இல்லை, கதை பிற்காலத்தில் முழுதாகப் புனையப்பட்டது என்று நாளை ஐயத்துக்கிடமில்லாமல் தெரியவந்தால் அவர் நம்பிக்கை ஆடாமல் இருக்குமா? 'கிறிஸ்து எழும்பாவிட்டால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண்' என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுல், அதே அதிகாரத்தில் அதற்குச் சற்று மேலே, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அவரைக் கண்டார்கள், அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சாட்சிகளை வரிசையாகச் சொல்லிவிட்டே அந்த வரிக்கு வருகிறார்.